பிறந்த தேதிக்குச் சாட்சி எது?

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ‘பிறப்புச் சான்று இல்லாவிட்டால் இனி எதுவும் நடக்காது’ என்ற பேச்சு கிராமங்களில் பரவியிருக்கிறது. அது பாதிதான் உண்மை. பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்று மட்டுமே ஆதாரம் என்ற விதி, அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கானது. முன்பே பிறந்தவர்களுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பல இடங்களில் இன்றும் செல்லும். ஆனால் வெளிநாட்டில் படிக்கவோ குடியேறவோ போகும்போது பல நாடுகள் பிறப்புச் சான்றைத்தான் கேட்கின்றன. அப்போதுதான் வீட்டில் பிறந்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள்.

மருத்துவமனையில் பிறந்தால் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. வீட்டில் பிறந்தால் அது குடும்பத் தலைவரின் கடமை. கூலிக்குப் போகும் குடும்பம், ஊர்த் தெருவில் இருந்த கிராம அலுவலகத்துக்குச் சேரியிலிருந்து போய், 21 நாளுக்குள் வாய்மொழியாகவோ எழுத்து மூலமோ தகவல் தந்து பதிய வேண்டும். பலருக்கு அது நடக்கவில்லை. இந்த இடைவெளியை இப்போது எப்படி நிரப்புவது என்பதே நம் கேள்வி.

முதல் வேலை, பதிவு உண்மையிலேயே இல்லையா என்று பார்ப்பது. இணையதளத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. பழைய கிராமப் பதிவேடுகள் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். தேடும்போது நம் பெயரைத் தேடிப் பயனில்லை. அன்றைய ஏட்டில் ‘பெண் குழந்தை’ என்றுதான் இருக்கும். தாய், தந்தை பெயரைக் கொண்டு, வருவாய்க் கிராமத்தின் பெயரில், சொல்லும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டுகள் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும். பதிவு கிடைத்துவிட்டால் பெயர் சேர்ப்பது மட்டுமே மிச்சம். கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்று எழுத்தில் சான்று பெற வேண்டும். அது இல்லாமல் தாமதப் பதிவு நகராது.

இரண்டாவது, பதிவு நடக்க வேண்டிய இடம் பிறந்த ஊர். நம் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். வளர்ந்த ஊரில் மனு கொடுத்து மாதக்கணக்கில் அலைந்த பின், ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் உண்டு. பிறந்து ஓராண்டு தாண்டிவிட்டால் சட்டத்தின் 13(3) பிரிவுப்படி உத்தரவு வேண்டும். முன்பு அதை நீதித்துறை நடுவர் தர வேண்டியிருந்தது. இப்போது மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் அல்லது ஆட்சியர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் விசாரித்துத் தரலாம்.

இனி சாட்சியங்கள். ஆதார், பான், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் என்று ஐந்து நகல்களை அடுக்கினால் வலுவான மனு என்று நினைக்கிறோம். உண்மையில் அவை பெரும்பாலும் ஒரே சாட்சியின் ஐந்து எதிரொலிகள்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை வாங்கியிருப்போம். பிறந்த தேதிக்கு ஆதார் சான்றல்ல என்று அதை வழங்கும் ஆணையமே 2023 டிசம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஆதாரை விட்டுவிட்டுப் பள்ளிச் சான்றிதழை ஏற்றது.

பள்ளிச் சான்றிதழுக்கும் ஒரு எல்லை உண்டு. பள்ளிப் பதிவேட்டில் உள்ள தேதி யார் சொல்லி எழுதப்பட்டது என்று தெரியாவிட்டால் அதற்குச் சாட்சிய மதிப்பு இல்லை என்று 1988-ல் பிராத் மல் சிங்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பிள்ளைகள் பலருக்கு ஆசிரியரே ஜூன் 1 என்று எழுதிக்கொண்டது ஊரறிந்த கதை. ஆகவே மாற்றுச் சான்றிதழோடு நிற்காமல், முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டின் சான்றிட்ட நகலையும் வாங்க வேண்டும். சேர்த்தவர் யார், கையெழுத்தா கைநாட்டா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் வளர்ந்த ஒரு பெண், திருவண்ணாமலை மாவட்டத்தில் தாய் வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர். 2000 ஜூனில் முதல் வகுப்பில் சேர்த்தபோது ஐந்து வயது நிறைய வேண்டும் என்று 1-6-1995 என எழுதிவிட்டார்கள். அதுவே பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஏறியது. ஆனால் அவருடைய தம்பி 1996 ஜனவரியில் அரசு மருத்துவமனையில் பிறந்து பதிவாகியிருக்கிறார். அக்காவுக்கும் தம்பிக்கும் எட்டு மாத இடைவெளிகூட இல்லை. விசாரிக்கும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது இதுதான். கேட்டால் தாய் சொல்கிறார்: ‘அவ பொறந்தது அதுக்கு முந்தின கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.’

இந்தச் சொல் வெறும் ஞாபகம் அல்ல, சோதித்துப் பார்க்கக்கூடிய சாட்சி. 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தால் ஆங்கிலத் தேதி கிடைக்கும். தம்பியின் பிறப்புச் சான்று அதோடு பொருந்துகிறது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடிருந்தால், நேரில் அறிந்தவர் என்ற முறையில் அவருடைய வாக்குமூலத்துக்கு எடை உண்டு. தாயும் மருத்துவச்சியும் தனித்தனியே உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். ‘எனக்குத் தெரியும்’ என்று முடிக்காமல், எப்படித் தெரியும், அன்று எங்கே இருந்தேன் என்று எழுத வேண்டும். வயது கண்டறியும் எலும்புச் சோதனை இங்கே உதவாது. அதில் இரண்டு ஆண்டு வரை முன்பின் ஆகும்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. 1994 நவம்பர் அல்லது டிசம்பர் என்று பதிவானால் பள்ளிச் சான்றிதழ் தானாக மாறாது. இரு தேதிகள் நிற்கும். அதற்குப் பயந்து பொய்த் தேதிக்கு உறுதிமொழி தந்தால் அது குற்றம். ஆகவே மனுவிலேயே முரண்பாட்டைச் சொல்லி, பள்ளித் தேதி எப்படி வந்தது என்று விளக்குவதே நல்லது. மனு போடும் முன், கேட்கும் இடத்தில் பதிவின்மைச் சான்றும் பள்ளிச் சான்றிதழும் போதுமா என்றும் விசாரிக்க வேண்டும். போதுமென்றால் இந்த முடிச்சே விழாது.

கிறித்தவக் குடும்பங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஞானஸ்நானப் பதிவேடு பிறப்புக்கு நல்ல பழைய சாட்சி. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கே பட்டியல் சாதித் தகுதி. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவு, புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்று மறுக்கப்பட ஒரு காரணமாக 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது. ஓர் அலுவலகத்தில் தரும் தாளை இன்னோர் அலுவலகமும் படிக்கும். வழக்கறிஞரைக் கேட்ட பிறகே அதை இணைக்க வேண்டும்.

மனு கோட்டாட்சியரிடமிருந்து வட்டாட்சியர் வழியாக வருவாய் ஆய்வாளருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் வரும். அவர்கள் ஊரில் விசாரிக்கும் நாளில் சாட்சிகள் வீட்டில் இருக்க வேண்டும். உத்தரவு வந்ததோடு வேலை முடியாது. அதைப் பதிவாளரிடம் கொடுத்துப் பதிந்தால்தான் சான்று வரும். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் மேலே போக முடியாது.

நம் மருத்துவச்சிகளுக்கும் பாட்டிகளுக்கும் வயதாகிறது. பழைய பள்ளிப் பதிவேடுகளைக் கரையான் அரிக்கிறது. தலைமையாசிரியர் நகல் தர மறுத்தால், அரசுப் பள்ளியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சான்று தேவைப்படும் நாள் வரை காத்திருந்தால், அன்று சாட்சி சொல்ல யாரும் இல்லாமல் போகலாம்.