வாளித் தண்ணீர் உள்ளேயா, வெளியேயா?

இந்தப் பதிவு சிலருக்குக் கோபம் மூட்டும். படுக்கையறையில் ஏர் கூலரை வைத்துக்கொண்டு "ஏ.சி. மாதிரியே இருக்கு சார், செலவும் இல்லை" என்று சொல்லும் நண்பர்கள் மண்ணூர்பேட்டையில் எனக்கு நாலைந்து பேர் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் அறை பத்துக்குப் பத்து. மேலே மொட்டை மாடி. மகன் ஏ.சி. வாங்கித் தருகிறேன் என்றான். பென்ஷன்காரனுக்கு எதற்கு என்று மறுத்துவிட்டு, மே மாதத்தில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போய்க் கூலர் வாங்கி வந்தேன். கடையில் ஜில்லென்றுதான் அடித்தது. சூட்சுமம் அந்தப் பதினொரு மணியில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் நம் பக்கம் அடிப்பது மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று. கடற்காற்று நம் ஊர் வந்து சேர மதியம் தாண்டிவிடும். வறண்ட காற்றில் கூலர் நன்றாகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நாம் தூங்குவது ராத்திரியில்.

முதல் ராத்திரி ஒரு மணி நேரம் சுகம். பிறகு தலையணை உறை நசநசவென்றது. மூன்றாம் நாள் என் மனைவி, "ஏங்க, இது குளிரல, ஊறுது" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். ஒரு வாரத்தில் எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மர பீரோக் கதவு உப்பி, மூட வரவில்லை.

அப்போதுதான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் விஞ்ஞான வாத்தியார் காட்டிய ஒரு கருவி ஞாபகம் வந்தது. 'ப்சிக்ரோமெத்ர்' என்பார். பெயர்தான் பயங்கரம். விஷயம் இவ்வளவுதான்: இரண்டு வெப்பமானிகள், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். ஈரம் உலர உலர அது கீழே இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அதற்கு மேல் எந்தக் கூலராலும் குளிர்விக்க முடியாது. நல்ல கூலர் அந்த வித்தியாசத்தில் முக்கால் பங்கைத் தரும்.

ராத்திரி பதினொரு மணிக்கு வைத்துப் பார்த்தேன். உலர்ந்தது 30 டிகிரி, ஈரத்துணி 27. ஆக மொத்த மூலதனமே மூன்று டிகிரி! ஜன்னலை மூடிக் கூலரை ஓட்டியதில் ஒரு மணி நேரத்தில் 30 என்பது இருபத்தெட்டரை ஆனது. ஈரத்துணியோ இருபத்தேழரைக்கு ஏறிவிட்டது. இனி உலர இடமில்லை. நம் வியர்வையும் அதே ஈரத்துணிதான். அது உலராவிட்டால் மேலே விசிறி சுற்றியும் பயனில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரம் ஓரளவு வெளியேறும், ஆனால் உள்ளே வருவதும் அதே ஈரக்காற்றுதானே? நாக்பூரில் மே மாதப் பகலில் இந்த வித்தியாசம் 20 டிகிரி வரை போகும். அங்கே கூலர் அமிர்தம். நாக்பூர்க்காரர் சொல்வதை மண்ணூர்பேட்டையில் நம்பக் கூடாது.

காலையில் தொட்டியைப் பார்த்தால் பத்து லிட்டர் குறைந்திருந்தது. அத்தனையும் எங்கள் அறைக்குள், எங்கள் மெத்தைக்குள். மீதித் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு வாரம் விட்டால் டெங்குக் கொசு அதிலேயே குடும்பம் நடத்தும்.

அடுத்த வருஷம் மகன் சொன்னதற்குத் தலையாட்டினேன். கடைக்காரர், "மேல் மாடி சார், ஒன்றரை டன் போடுங்க" என்றார். அதுவும் தப்பு. சின்ன அறையில் பெரிய மெஷின் சட்டென்று குளிர்வித்துவிட்டுக் கம்பிரசரை நிறுத்திவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இராது. சில்லென்று இருக்கும், புழுக்கமும் இருக்கும். ஒரு டன் இன்வெர்ட்டர் போதும் என்று பிடிவாதமாக நின்றேன். 26-ல் வைத்து, விசிறியை இரண்டில் ஓட்டுகிறோம். எட்டு மணி நேரத்துக்குச் சுமார் நான்கு யூனிட். நானே மீட்டரைப் பார்த்துக் குறித்தது. இரண்டு மாத பில்லில் 240 யூனிட் கூடுகிறது, படியும் ஏறுகிறது. இந்தச் செலவை நான் மறைக்கவில்லை. கூலருக்கு இதில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் தூக்கம் வராத சிக்கனம் என்ன சிக்கனம்?

ஏ.சி. முடியாதவர்கள் கூலரும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று மாட்டி, எதிரெதிர் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள். வெறும் விசிறி ஈரத்தைக் கூட்டாது, அதுவே பெரிய உபகாரம்.

ஏ.சி.யின் வடிகுழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம். காலையில் அரை வாளிக்குக் குறையாமல் நிற்கிறது. அன்று அறைக்குள் போன தண்ணீர் இப்போது வெளியே வருகிறது. என் மனைவி அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிறாள். கூலர் மொட்டை மாடியில் கிடக்கிறது. நாக்பூர் போகிறவர் யாராவது இருந்தால் இலவசமாகவே எடுத்துப் போகலாம்.