8 அங்குலம் என்பது ஒரே அளவன்று

டிசம்பர் வந்தால் மட்டாஞ்சேரி முதல் வெலிங்டன் தீவு வரை பிளம் கேக் பேச்சுதான். கூடவே, ‘8 அங்குல டின் வட்டமானால் என்ன, சதுரமானால் என்ன?’ என்ற வாதமும் உலவுகிறது. அது பிழை. வட்டத்தில் 8 அங்குலம் விட்டத்தைக் குறிக்கிறது. சதுரத்தில் பக்கத்தைக் குறிக்கிறது. சொல் ஒன்று, பொருள் இரண்டு.

வட்டத்தின் பரப்பு 3.14 × 4 × 4, ஏறத்தாழ 50 சதுர அங்குலம். சதுரத்தின் பரப்பு 64. விகிதம் 1.27. வட்ட டின்னில் 2 அங்குல உயரம் நிற்கும் கலவை சதுரத்தில் ஒன்றரை அங்குலத்தை ஒட்டித் தாழும். பழைய நேரப்படி வேகவைத்தால் உலர்ந்துபோகும். சதுரத்துக்குரியதை வட்டத்தில் ஊற்றினாலோ, ஓரம் கருகியபின்னும் நடுவில் குத்திய குச்சியில் ஈரக்கலவை ஒட்டும்.

‘முட்டையைப் பின்னமாக்குவதா?’ என்பது அடுத்த வாதம். தேவையில்லை. 4 முட்டைக் கலவை 5 முட்டைக் கலவையாகட்டும். மற்றவையும் கால் பங்கு கூடட்டும். அல்லது 7 அங்குலச் சதுர டின்னை எடுங்கள்: பரப்பு 49, கலவையில் மாற்றமே வேண்டாம்.

பரப்பு கலவையின் அளவைத்தான் சொல்லும், வேகும் நேரத்தையன்று. சதுரத்தின் மூலைகள் முந்தி வேகும். அங்கே கடிகாரத்தைவிடக் குச்சியே சான்று.