ந. மீனாட்சி யார்? மகளா, மனைவியா?



போன மாதத்திலிருந்து மூன்று குடும்பங்களின் வம்சாவளிப் படங்கள் என் போனுக்கு வந்து, "சார், பார்த்துச் சொல்லுங்க" என்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் மூன்றிலும் ஆண்களுக்கு ஒரு விதி, பெண்களுக்கு ஆளுக்கொரு விதி. ஒரு மருமகளுக்குப் புருஷன் இனிஷியல், அடுத்தவளுக்கு அப்பா இனிஷியல், இன்னொருத்தி வெறும் "திருமதி சுப்பையா". அந்த அம்மாவுக்குப் பெயரே வைக்கவில்லையா?

வடக்கே போல நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான் எல்லாம். கல்யாணமானால் பெண்ணுக்கு அதுவும் மாறிவிடுகிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. அலுவலகத்தில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். வம்சாவளியில் பிறந்தபோது இருந்த பெயர்தான் முதலில் வரவேண்டும் என்பது என் கட்சி.

வந்ததில் ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம், பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன். தாத்தா சண்முகம். அவருக்கு மகள் காமாட்சி, மகன் நடராசன். காமாட்சியின் கணவர் கோபால், அவர்கள் மகள் மீனாட்சி. மீனாட்சியைத் தாய்மாமன் நடராசனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். நம் பக்கத்தில் சாதாரணமாக நடந்ததுதான். படம் வரைந்த தம்பி என்ன செய்தான்? காமாட்சிக்குக் கீழே, மூன்றாம் தலைமுறையில் "கோ. மீனாட்சி" என்று போட்டான். நடராசனுக்குப் பக்கத்தில், இரண்டாம் தலைமுறையில் "ந. மீனாட்சி" என்று போட்டான். ஒருத்தி இரண்டு பேராகிவிட்டாள். மேலே இருப்பவளுக்குப் பெற்றோர் இல்லை, கீழே இருப்பவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிற பேரன், கோ. மீனாட்சி கல்யாணமாகாமலே போய்விட்டாள் என்றுதானே நினைப்பான்?

படத்திலாவது கோடு இருக்கிறது. பின்பக்கம் அச்சடித்த பெயர்ப்பட்டியலில் அதுவும் இல்லை. அங்கே "ந. மீனாட்சி" என்றால் நடராசன் மகளா, மனைவியா? இன்னொரு சங்கடமும் உண்டு. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். நடராசனின் மகன் வயிற்றுப் பேத்தியும் மீனாட்சிதான். அவள் நாளைக்கு ஒரு நவநீதனைக் கட்டினால் அவளும் ந. மீனாட்சி!

"பெரியவங்க கோவிச்சுக்குவாங்க சார், புருஷன் பேரை எடுத்துட்டோம்னு" என்று ஒருவன் சொன்னான். எடுக்கச் சொல்லவில்லையே! அவள் கணவன் யார் என்பதைத்தான் கோடு சொல்லிவிடுகிறதே, இனிஷியல் எதற்கு அதையே மறுபடி சொல்லவேண்டும்? மருமகளின் பிறந்த வீட்டுக்கு உங்கள் படத்தில் கோடு கிடையாது. அவள் பெயரோடு ஒட்டிய அப்பா பெயர்தான் ஒரே தடயம். அதை அழித்துவிட்டால் அவள் எங்கிருந்து வந்தாள் என்பதே போய்விடும். "அப்பா பெயரும் ஆண் பெயர்தானே சார்?" என்று என் மாணவி ஒருத்தி மடக்கினாள். நியாயமான கேள்வி. அம்மா பெயரையும் சேர்த்து எழுது, இன்னும் நல்லது என்றேன். பிறந்த பெயர் என்றைக்கும் மாறாது, விதவை மறுமணம் செய்தாலும் மாறாது. அதற்காகத்தான் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பழைய கிரயப் பத்திரங்களைப் பாருங்கள். "இன்னார் மகள்", "இன்னார் மனைவி" என்று உறவையே எழுதியிருப்பார்கள். எழுத்தர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை. ஆகவே ஒரு பெண்ணுக்கு இப்படி எழுதுங்கள்:

மீனாட்சி, கோபால் – காமாட்சி மகள் (திருமணத்துக்குப் பின்: ந. மீனாட்சி)

இனிஷியலாக இல்லாமல் முழுப்பெயராக எழுதுங்கள். "சு." என்றால் சுப்பையாவா, சுந்தரமா என்று யார் கண்டது? மகளுக்கும் மருமகளுக்கும் இதே வரிதான், விதிவிலக்கு வேண்டாம். தாய்மாமனைக் கட்டியவளுக்கு ஒரே கட்டம்தான். பெற்றோரிடமிருந்து ஒரு கோடு, கணவனிடமிருந்து ஒரு கோடு. கோடுகள் குறுக்கே போய்ப் படம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

முடித்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். பெற்றோர் இல்லாத பெண்களை ஒரு தாளிலும், கணவன் இல்லாத பெண்களை இன்னொரு தாளிலும் எழுதுங்கள். இரண்டிலும் ஒரே பெயர், பிறந்த வருஷமும் பக்கத்தில் என்றால் ஒருத்தியாக இருக்கலாம். விசாரித்துவிட்டு ஒன்றாக்குங்கள்.

பாட்டியின் அப்பா பெயர் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். புருஷன் பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள். நிரப்பிவிட்டால் அதற்கப்புறம் யாரும் தேடமாட்டார்கள். டிரங்குப்பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கும், அதில் பெண்ணைப் பெற்றவர்கள் பெயர் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஊரில் எண்பது தாண்டிய அத்தைகள் இருக்கிறார்கள். தீபாவளிக்குப் போகும்போது நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள்.