கட்டளையால் இறங்கிய ரூபாயும் தானாகத் தேய்ந்த ரூபாயும்

பல்லேகல கைத்தொழில் பேட்டையில் வேலைக்குப் போகும் நமது பிள்ளைகள் சிலர் அண்மையில் கிளைக் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். "டொலர் ஏறினால் தோட்டத்தில் உரம் வாங்கக் காசில்லை என்கிறார்கள். எங்கள் பெக்டரியிலும் துணி, நூல் எல்லாம் டொலருக்குத்தான் வருகிறது. ஆனால் 2022இல் அங்கே ஓவர்டைம் குறையவில்லையே, அது எப்படி?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. இந்த மாத ஆசிரியர் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

ரூபாய் இறங்குவதில் இரண்டு வகை உண்டு. ஒரு டொலருக்கு இத்தனை ரூபாய் என்று அரசே விலையைக் கட்டி வைத்திருந்து, ஒரு நாள் தானே அதை மாற்றி அறிவிப்பது மதிப்பிறக்கம். 1967 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. பிரித்தானியா பவுணை இறக்கிய சில நாட்களில் இலங்கையும் ரூபாயை 20 சதவீதம் இறக்கியது. 4 ரூபாய் 76 சதமாக இருந்த டொலர் 5 ரூபாய் 95 சதமானது. ரூபாய் இறங்கியது 20 சதவீதம், ஆனால் டொலருக்குக் கொடுக்க வேண்டிய ரூபாய் கூடியது 25 சதவீதம். பத்திரிகை முதல் கணக்கைச் சொல்லும், இறக்குமதியாளர் இரண்டாவதைத்தான் கட்டுவார்.

இரண்டாவது வகை தேய்வு. இங்கே யாரும் விலையைக் கட்டிப் பிடிப்பதில்லை. டொலரைத் தேடுகிறவர்கள் அதிகமாகி விற்கிறவர்கள் குறைந்தால், சந்தையில் ரூபாய் நாளுக்கு நாள் தேயும். எங்கே நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது.

2022 மார்ச்சில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். அதுவரை டொலரை 203 ரூபாய்க்குள் பிடித்து வைத்திருந்த மத்திய வங்கி, மார்ச் 7ஆம் திகதி, 230ஐத் தாண்டாத அளவுக்கு விடுவதாக அறிவித்தது. அது மதிப்பிறக்கம் போன்ற ஒரு படி. கையில் டொலர் இல்லாததால் அந்த எல்லை சில நாட்கள்கூட நிற்கவில்லை. மாதம் முடிவதற்குள் 300ஐ நெருங்கியது, மே நடுவில் 360ஐத் தாண்டியது. இது தேய்வு.

மூலப்பொருள் இறக்குமதி செய்கிறவருக்கு இதனால் என்ன வேறுபாடு? ஒருவர் மார்ச் முதல் வாரத்தில் 10,000 டொலருக்கு உரம் கொண்டுவர வங்கியில் எல்.சி. திறந்தார் என்று வைப்போம். பணம் கட்ட மூன்று மாதத் தவணை. அன்றைய கணக்கில் 20 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய். டொலர் 230இல் நின்றிருந்தால் 23 இலட்சம் கட்டியிருப்பார். 2 இலட்சத்து 70 ஆயிரம் நட்டம்தான், ஆனால் அறிவித்த அன்றே அவருக்கு அது தெரிந்துவிடும். அடுத்த மூட்டைக்கு அதற்கேற்ப விலை போட்டால் போதும். 360 ஆனபோது கட்ட வேண்டியதோ 36 இலட்சம். மூட்டைகளைப் பாதி விற்று முடித்த பிறகுதான் அசல் விலையே தெரிய வருகிறது.

அதனால்தான் தேய்வுக் காலத்தில் வியாபாரி பழைய சரக்குக்கும் நாளைய விலையைப் போடுகிறார். இன்று விற்ற காசில் அடுத்த கப்பலுக்குக் கட்ட முடியுமா என்ற பயம் அவருக்கு. பயம் பொய்யல்ல. ஆனால் டொலர் இறங்கும்போது மட்டும் "இது பழைய சரக்கு" என்று அதே வியாபாரி சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம்!

இனி அந்தப் பிள்ளையின் கேள்வி. அவளுடைய பெக்டரி 1,000 டொலருக்கு உடை விற்று, அதில் 600 டொலருக்குத் துணி வாங்குகிறது என்று வைப்போம். துணிக்கான டொலர் விற்ற டொலரிலிருந்தே போய்விடுகிறது. மிஞ்சும் 400 டொலர், 200 ரூபாய்க் கணக்கில் 80,000. 360 ரூபாய்க் கணக்கில் 1,44,000. சம்பளம் ரூபாயில், பழையபடியே. கோதுமை கொண்டுவந்து மா அரைத்து இங்கேயே விற்கும் ஆலைக்கு இந்த வசதி இல்லை. வாங்குவது டொலருக்கு, விற்பது ரூபாய்க்கு. அந்தச் சுமை நமது ரொட்டியில் வந்து விழுகிறது. அந்த ஆண்டு உக்ரைன் போரால் உலகச் சந்தையிலும் கோதுமை விலை ஏறியது, ஆகவே முழுப் பழியையும் ரூபாய் மேல் போட முடியாது. டொலர் ஏறிய சதவீதத்தைவிடப் பொருளின் விலை அதிகமாக ஏறியிருந்தால் வேறு காரணமும் இருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

தோட்டக் கம்பனி எந்தப் பக்கம்? உரமும் எரிபொருளும் டொலரோடு ஏறின, உண்மை. ஆனால் தேயிலை கடைசியில் டொலருக்குத்தான் வெளிநாடு போகிறது, டொலர் ஏறினால் கொழும்பு ஏலத்தில் ரூபாய் விலையும் ஏறும். ஏறாமல் நின்றது 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபாய் நாட்சம்பளம். வந்தபோது அது சுமார் 5 டொலர். 2022 மே மாதம் 2 டொலர் 80 சதம்கூட இல்லை.

ஆகவே சம்பளப் பேச்சில் உரச் செலவுப் பட்டியலை மேசையில் வைக்கும்போது, அதே மாதங்களின் ஏல விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் வைக்கும்படி கேட்கப்போகிறோம். தோட்டத் தலைவர்கள் தங்கள் தோட்டத்துக்கு உரம் வந்த திகதியையும் மூட்டைக் கணக்கையும் இப்போதே குறித்து வையுங்கள். பழைய விலையில் வாங்கிய உரத்துக்குப் புதிய விலை காட்டப்படுகிறதா என்பதை அதை வைத்துத்தான் பார்க்க முடியும்.