பங்குச் சந்தைச் சுட்டெண்ணும் நமது நாட்சம்பளமும்

சம்பளப் பேச்சு நெருங்கும்போதெல்லாம் நமது கூட்டங்களில் யாராவது ஒரு தோட்டத் தலைவர் பத்திரிகையைத் தூக்கிக் காட்டுவார். "கொழும்புப் பங்குச் சந்தை ஏறியிருக்கு. கம்பனிகளுக்கு லாபம்தானே? இதைச் சொல்லியே கேட்போம்" என்பார். அவரது கோபம் நியாயமானது. ஆனால் அந்த எண்ணை நம்பிப் பேச்சு மேசையில் உட்கார்ந்தால் நாம்தான் மாட்டிக்கொள்வோம்.

அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் என்பது சந்தையில் பதிவான எல்லாக் கம்பனிகளினதும் பங்குகளின் மொத்தச் சந்தைப் பெறுமதியை, 1985ஆம் ஆண்டை 100 என வைத்து ஒப்பிடும் கணக்கு. பெரிய கம்பனி ஏறினால் சுட்டெண் அதிகமாக ஏறும். சிறியது விழுந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. ஒரு கம்பனியின் பெறுமதி 90 கோடி, ஒரு தேயிலைக் கம்பனியின் பெறுமதி 10 கோடி என்று வைப்போம். பெரியது 108 ஆகிறது, தேயிலைக் கம்பனி 7 ஆகிறது. மொத்தம் 115. சுட்டெண் 15 சதவீதம் ஏறிவிட்டது. தேயிலைக் கம்பனியோ 30 சதவீதம் விழுந்திருக்கிறது.

2021இல் இதுதான் பெரிய அளவில் நடந்தது. அந்த ஒரு வருடத்தில் சுட்டெண் சுமார் 6,770இலிருந்து 12,200க்கு மேல் போனது. அதைத் தூக்கிவிட்டதில் பெரும் பங்கு எக்ஸ்போலங்கா, எல்.ஓ.எல்.சி. போன்ற சில கம்பனிகளுக்கு உண்டு. முன்னையது சரக்கு அனுப்பும் தொழில். உலகெங்கும் கப்பல் கூலி ஏறியதால் அதன் பங்கும் ஏறியது. வங்கி வட்டி குறைந்திருந்ததால் காசு வைத்திருந்தவர்களும் சந்தைக்குள் வந்தார்கள். அதே வருடம் மார்ச்சில்தான் நமது 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. பிறகு உரத்தடை வந்து கொழுந்தைக் குறைத்தது. மறு வருடம் ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சுட்டெண்ணில் இது எதுவும் முன்கூட்டித் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த எண் விலைவாசியைக் கழிப்பதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பில் பொருள் விலைகள் முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் கூடியிருந்தன. அப்படிப்பட்ட காலத்தில் சுட்டெண் 30 சதவீதம் ஏறினாலும் பங்குக்காரருக்கே அது நட்டம்தான்.

ஆகவே சுட்டெண்ணை நாம் நீட்டினால், அது விழுகிற மாதத்தில் கம்பனியும் அதையே நீட்டும். நாம் கையில் எடுக்க வேண்டியது பங்குச் சந்தையில் பதிவான பெருந்தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கை. ஒரு கிலோ தேயிலை ஏலத்தில் சராசரியாக என்ன விலைக்குப் போனது, உற்பத்திச் செலவு எவ்வளவு, பங்கிலாபம் எவ்வளவு, நிர்வகிக்கும் கம்பனிக்கு முகாமைக் கட்டணமாக எவ்வளவு போனது என்று அதில் பார்க்கலாம். அந்தக் கடைசி வரியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு நமது கம்பனிகளின் கடைசி மூன்று வருட அறிக்கைகளோடு வருவோம்.