"ஓசி வைத்தியம்" என்று சொல்பவர்களுக்கு: அந்த 70 ரூபாயை யார் கட்டினது?

"வரி கட்டுறது நாங்க, ஓசி வைத்தியம் பாக்குறது அவங்க." அரசு மருத்துவமனையைப் பத்தி எப்ப எழுதினாலும் கீழே இப்படி ஒரு கமெண்ட் வந்துடும். வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன்னு ஒரு நினைப்பு. இது தப்பு. எப்படித் தப்புன்னு ஒரு மருந்து அட்டைப்பெட்டியை வச்சே பார்ப்போம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

மருந்துக்கு இப்போ பெரும்பாலும் 5% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி பெரும்பாலான மருந்துக்கு 12% இருந்தது. கணக்கு சுலபமா இருக்க ஒரு கற்பனை விலை எடுத்துக்கறேன். கம்பெனி ஒரு பெட்டி மருந்தை ஸ்டாக்கிஸ்ட்டுக்கு 1000 ரூபாய்க்கு விக்குது, வரி 50. ஸ்டாக்கிஸ்ட் மெடிக்கல் ஷாப்புக்கு 1100க்கு விக்கிறார், வரி 55. கடைக்காரர் நோயாளிக்கு 1400க்கு விக்கிறார், வரி 70. நோயாளி கையிலிருந்து போறது 1470.

இப்போ ஒவ்வொருத்தரும் அரசுக்குக் கட்டுறது எவ்வளவு? ஸ்டாக்கிஸ்ட் 55 வசூல் பண்ணினார். ஏற்கெனவே கம்பெனிகிட்ட 50 கொடுத்திருக்கார். அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சம் 5 ரூபாய் கட்டுறார். கடைக்காரர் 70 வசூல் பண்ணி, கொடுத்த 55 போக 15 கட்டுறார். கம்பெனி பங்கு 50 (அவங்களும் மூலப்பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழிச்சுப்பாங்க, அது அதுக்கு முந்தின கண்ணியில கட்டப்பட்டிருக்கும்). 50+5+15 = 70. மூணு இடத்துல கட்டினாலும் மொத்தம் அதே 1400க்கு 5% தான். வரிக்கு மேல வரி ஏறல.

கடைக்காரர் சட்டைப்பையிலிருந்து போனது? 70 உள்ளே வந்தது, 55+15 வெளியே போனது. பூஜ்யம். ஸ்டாக்கிஸ்ட்டுக்கும் பூஜ்யம். நோயாளிக்கு மட்டும் கழிச்சுக்க ஆள் இல்ல. அவர் அந்த மாத்திரையை யாருக்கும் விக்கப் போறதில்ல, முழுங்கப் போறார். சங்கிலி அங்கே முடியுது, 70 ரூபாயும் அங்கேயே நிக்குது. அந்த ஆள் நூறு நாள் வேலைக்குப் போற அம்மாவா இருந்தாலும் அதே 70 தான்.

வியாபாரிக்குக் கஷ்டமே இல்லைன்னு சொல்லல. கடைக்கு ஒரு மாசக் கடன்ல சரக்கு கொடுத்த ஸ்டாக்கிஸ்ட், பணம் வந்தாலும் வராட்டியும் அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள வரியைக் கட்டணும். அது நியாயமான புகார். ஆனா அது வரிச் சுமை இல்ல, பணம் சுத்துறதுல வர்ற நெருக்கடி.

"கடைசியில நோயாளிதான் கட்டுறார்னா, நேரா கடைசிக் கடையில மட்டும் 70 வாங்கிட்டுப் போகலாமே?" நல்ல கேள்வி. அப்படிச் செஞ்சா, அந்த ஒரு கடை பில் போடலன்னா மொத்த 70ம் போச்சு. இந்த முறையில 55 ஏற்கெனவே கஜானாவுக்குப் போயிருக்கும். இன்னொண்ணு, கடைக்காரருக்கு 55 கழிக்கணும்னா ஸ்டாக்கிஸ்ட் அந்த பில்லை அப்லோட் பண்ணியிருக்கணும், அது இவரோட GSTR-2Bல தெரியணும். தெரியலன்னா கடைக்காரரே போன் போட்டுச் சண்டை போடுவார். அதிகாரி தேவையில்ல. 1954ல பிரான்ஸ்ல மொரீஸ் லோரே கொண்டு வந்த முறையோட மூளையே இதுதான்.

ஓட்டை கடைசிக் கண்ணியில இருக்கு. நோயாளிக்குக் கழிக்க எதுவும் இல்லாததால பில் வாங்க அவசியம் இல்ல. பில் இல்லாம வாங்கினா விலை குறையுதா? பெட்டியில போட்டிருக்குற எம்.ஆர்.பி.யில வரி அடக்கம், அதையே வாங்கிக்கிறாங்க. வித்ததை மறைச்சுட்டு, 55ஐ வேற விற்பனையோட வரியில கழிச்சுக்கிட்டா முழு 70ம் கடையிலேயே தங்கிடும். சரக்கு இருப்புக் கணக்கைச் சரிபார்த்தா மாட்டுவாங்க, அதுவரைக்கும் லாபம். வரி கட்டினது அப்பவும் நோயாளிதான்.

கடைசியா என் துறை சமாச்சாரம். தனியார் மருத்துவமனையில அட்மிட் ஆனா சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது (ஐ.சி.யூ. அல்லாத, ஒரு நாளைக்கு 5000க்கு மேல வாடகை உள்ள ரூமுக்கு 2022 ஜூலையிலிருந்து 5% உண்டு). கேக்க நல்லாயிருக்கு. ஆனா சேவைக்கு விலக்கு இருந்தா, வாங்கின பொருளுக்குக் கொடுத்த வரியைக் கழிக்கவும் முடியாது. மருந்துக்கு 5%, ஏ.சி.க்கும் லிஃப்ட்டுக்கும் 18%, எல்லாம் மருத்துவமனைக்குச் செலவு. சட்டப்படி அவங்கதான் கடைசி நுகர்வோர். ஆனா அந்தச் செலவை அவங்க கையிலேயே வச்சுக்க மாட்டாங்க. டிஸ்சார்ஜ் பில்லைப் பிரிச்சுப் பாருங்க, ஜிஎஸ்டின்னு ஒரு வரிகூட இருக்காது. படுக்கை வாடகையிலயும் தியேட்டர் கட்டணத்துலயும் அது கலந்திருக்கும்.