விடுப்பில் வரும் அழைப்பு

தலைநகரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுப்பெடுத்துக் கோலா கங்சாருக்கு வருகிறார்கள். பேராக் ஆற்றங்கரையில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்தாலும் கண் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. "அந்தக் கோப்பு எங்கே?" என்று கேட்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. பதில் சொல்பவருக்கோ, அடுத்த அழைப்பு எப்போது வருமோ என்ற எதிர்பார்ப்பிலேயே மீதிப் பொழுது போய்விடுகிறது.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60E பிரிவு, பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்குக் குறைந்தது 8, 12 அல்லது 16 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருகிறது. விடுப்பின்போது நோயுற்று மருத்துவ விடுப்புக்குத் தகுதி பெற்றால், அந்த நாள்கள் ஆண்டு விடுப்பில் கழிக்கப்படுவதில்லை. ஓய்வு கெட்டால் நாளைத் திருப்பித் தர வேண்டும் என்ற நியாயத்தை நம் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்குக் கிடைக்கும் அந்த நியாயம் முதலாளியின் அழைப்புக்குக் கிடைப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலொழிய, பதிலளிக்காமலிருக்கத் தொழிலாளருக்கு உரிமை உண்டு. நமக்கு அவ்வளவு பெரிய மாற்றம்கூட வேண்டாம். வேலை வாங்கிய விடுப்பு நாளைத் திருப்பித் தரும்படி 60E பிரிவில் ஒரு வரியை மனிதவள அமைச்சு சேர்க்கட்டும்.